டிஎம்டி ரிப்போர்ட்டில் யாரும் பார்க்காத எண்: டியூக் ஸ்கோர் வந்த கதை

போன ஆடி அமாவாசைக்கு மாமா சதுரகிரி ஏறப் போனார். முப்பது வருஷமாகப் போகிறவர். இந்த முறை தாணிப்பாறையிலிருந்து கிளம்பி பாதி தூரம்கூட ஆகவில்லை, ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "மூச்சு முட்டுது மாப்ளே, கேஸ் பிரச்சினையாத்தான் இருக்கும்" என்று என்னிடம் போனில் சொன்னார். அத்தை விடவில்லை. ஆலங்குளத்திலிருந்து வண்டி பிடித்து டவுனில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் டிஎம்டி எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "டிஎம்டி பாசிட்டிவ்" என்று இருந்தது. நாளைக்கே ஆஞ்சியோ பண்ணணும், இன்சூரன்ஸ் கார்டு இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

எனக்கு வாட்ஸப்பில் ஆறு பக்கமும் வந்தது. நான் டாக்டர் இல்லை, படித்தது பி.இ., செய்வது சாஃப்ட்வேர். ஆனால் ஒரு லாக் ஃபைலைப் பார்த்தால் கடைசி வரியை மட்டும் நம்பக் கூடாது என்பது இருபது வருஷப் பழக்கம். அதனால் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நடந்த நேரம் 6 நிமிடம் 20 விநாடி. வி5 லீடில் எஸ்டி டிப்ரெஷன் 1 மில்லிமீட்டர். நெஞ்சு வலி இல்லை. நிறுத்திய காரணம்: டார்கெட் ஹார்ட் ரேட் வந்துவிட்டது. இந்த நாலு விஷயங்களையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. வைத்திய ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்ற வரலாறு மட்டும்தான் இது.

முதலில் அந்த 1 மில்லிமீட்டர் என்றால் என்ன? இதயம் வேகமாக அடிக்கும்போது அதன் தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். கொரோனரி ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது போதுமான ரத்தம் வந்துவிடும். ஏற்றம் ஏறும்போது பற்றாது. இதயச் சுவரின் உள்ளடுக்குதான் முதலில் வாடும். வாய்க்கால் பாசனத்தில் கடைமடை வயல் முதலில் காய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வாடிய தசைக்கும் நல்ல தசைக்கும் இடையே ஒரு சிறு மின்னோட்டம் உண்டாகிறது. இசிஜியில் கூரான துடிப்பு முடிந்து அடுத்த மேடு தொடங்கும் வரை உள்ள துண்டுதான் எஸ்டி. சாதாரணமாக அது அடிக்கோட்டோடு ஒட்டி இருக்கும். இப்போது அதற்குக் கீழே இறங்குகிறது. இசிஜி தாளில் 1 மில்லிமீட்டர் என்பது 0.1 மில்லிவோல்ட். துடிப்பு முடிகிற புள்ளியிலிருந்து 60 முதல் 80 மில்லிசெகண்ட் தள்ளி அளந்து, அங்கே 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கி, அந்தத் துண்டு சமமாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ இருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கம். மேல்நோக்கி வேகமாக ஏறுகிற எஸ்டிக்கு அவ்வளவு மதிப்பில்லை. வேகமாக ஓடுகிற ஆரோக்கியமானவர்களிடமும் அது வரும்.

இந்த இறக்கத்தைக் கண்டுபிடித்த கதை 1928-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபெய்ல், சீகல் என்ற இருவர், நெஞ்சு வலி வரும் நோயாளிகளை வேண்டுமென்றே உடற்பயிற்சி செய்யவைத்து, வலி வரும்போது இசிஜி எடுத்தார்கள். எஸ்டி மாறியது; வலி போனதும் பழையபடி திரும்பியது. ஆனால் அதற்கு அடுத்த வருஷம் நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் கொண்டுவந்த இரண்டு படிச் சோதனையில் இசிஜியே கிடையாது என்பது வேடிக்கை. ஒன்பது அங்குல உயரப் படிகளில் ஏறி இறங்கச் சொல்லி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருகின்றன என்று மட்டும் பார்த்தார். அதாவது அவர் முதலில் கேட்ட கேள்வி, "இந்த ஆளுக்கு எவ்வளவு தெம்பு இருக்கு?" என்பதுதான். இசிஜி பிற்பாடு சேர்ந்தது. சேர்ந்த பிறகு எல்லார் கண்ணும் அந்தக் கோட்டின் மேல்தான். தெம்பு பற்றிய கேள்வி ஓரமாய்ப் போயிற்று.

மாஸ்டரின் முறையில் பெரிய குறை, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சுமை என்பது. வயதையும் எடையையும் பார்த்து எத்தனை தடவை ஏறணும் என்று அட்டவணை இருந்தாலும், தெம்பானவருக்கு அது ஒன்றுமே இல்லை, முடியாதவருக்கு ஆபத்து. இசிஜி எடுப்பதும் ஏறி முடித்துப் படுத்த பிறகுதான். இதை மாற்றியவர் ராபர்ட் புரூஸ். 1949-ல் ரோசெஸ்டரில் இருந்தபோது ட்ரெட்மில்லில் ஒரே வேகத்தில் நடக்கவைத்து அளந்தார். பிறகு சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, படிப்படியாக ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். 1963-ல் வெளியான அந்த முறைதான் இன்றைக்கு நம்மூர் லேப் வரை ஓடுகிற "புரூஸ் புரோட்டோகால்".

(ட்ரெட்மில் என்ற சாதனத்தின் பூர்வீகம் ஜெயில். 1818 வாக்கில் வில்லியம் க்யூபிட் என்ற இங்கிலாந்து எஞ்சினியர் கைதிகளை மிதிக்கவைக்க வடிவமைத்த சக்கரத்துக்கு வந்த பெயர் அது. மாமாவிடம் சொன்னேன். "அதான் அப்படி இருந்துச்சா" என்றார்.)

புரூஸின் கணக்கு எளிது. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். நாலாவது கட்டத்தில் 6.8 கிலோமீட்டர், 16 சதவீதம். அங்கே பெரும்பாலோர் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். நடந்துகொண்டிருக்கும்போதே இசிஜி ஓடும், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். முடியாதவர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடலாம், முடிந்தவர் போய்க்கொண்டே இருக்கலாம். இதனால் ஒரு எதிர்பாராத பலன்: நின்ற நேரமே ஒரு அளவாகிவிட்டது. மாஸ்டர் முதலில் கேட்ட தெம்புக் கேள்விக்கு இப்போது நிமிடக் கணக்கில் பதில் கிடைத்தது.

ஆனாலும் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரண்டு சொற்கள்தான் நிலைத்தன. அதில் என்ன சிக்கல் என்று பார்க்க ஒரு கணக்குப் போடலாம். 1989-ல் 147 ஆய்வுகளை, சுமார் 24,000 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எஸ்டி இறக்கத்தை மட்டும் வைத்தால், உண்மையில் அடைப்பு இருப்பவர்களில் சராசரியாக 68 சதவீதம் பேரைச் சோதனை பிடிக்கிறது. அடைப்பு இல்லாதவர்களில் 77 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. இப்போது எங்கள் கம்பெனி மாதிரி ஒன்றில் நாற்பது வயதுக்காரர்கள் 1000 பேருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமலே மாஸ்டர் செக்கப்பில் டிஎம்டி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 50 பேருக்கு அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 34 பேர் பாசிட்டிவ். அடைப்பே இல்லாத 950 பேரில் 23 சதவீதம், அதாவது சுமார் 218 பேரும் பாசிட்டிவ். ஆக பாசிட்டிவ் வந்த 252 பேரில் நிஜமாக நோய் உள்ளவர்கள் ஏழு அல்லது எட்டு பேருக்கு ஒருவர். அதே சோதனையை, மலையேறும்போது மூச்சு முட்டுகிற, பாதிக்குப் பாதி சந்தேகம் உள்ள 1000 பேருக்கு எடுத்தால் 455 பாசிட்டிவில் 340 பேருக்கு நோய் இருக்கும். மெஷின் ஒன்றுதான், கோடு ஒன்றுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறுகிறது.

இந்த இடத்தில்தான் டியூக் பல்கலைக்கழகம் வருகிறது. வட கரோலினாவின் டர்ஹாமில் உள்ள அந்த மருத்துவமனையில் 1969 முதலே இதய நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டுக்குப் போன பிறகும் வருஷா வருஷம் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வைத்தார்கள். பெங்களூருக்கோ சென்னைக்கோ ஐடி கம்பெனிகள் வருவதற்கு வெகு முன்னால்! டேட்டாபேஸில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. சோதனை செய்வது எளிது. சோதனை செய்தவரை அஞ்சு வருஷம் கழித்துத் தேடிப்போய்க் கேட்பதுதான் கஷ்டம்.

அதிலிருந்து 2842 நோயாளிகளை எடுத்தார்கள். எல்லோருக்கும் நெஞ்சு வலி இருந்தது. எல்லோரும் ட்ரெட்மில்லிலும் நடந்திருந்தார்கள், ஆஞ்சியோவும் எடுத்திருந்தார்கள். டேனியல் மார்க் தலைமையிலான குழு வேறு கேள்வி கேட்டது. "அடைப்பு இருக்கா இல்லையா" என்று கேட்கவில்லை. "இவர் இன்னும் அஞ்சு வருஷம் நன்றாக இருப்பாரா" என்று கேட்டது. காலம் போகப்போக யாருக்கு ஆபத்து நேர்கிறது என்பதை அலச டேவிட் காக்ஸ் 1972-ல் கொடுத்த ரிக்ரெஷன் முறை இருந்தது. அதைப் போட்டுப் பார்த்ததில், ட்ரெட்மில்லில் கிடைக்கும் பலவிதமான அளவுகளில் மூன்றே மூன்றுதான் தேறின: எஸ்டி எவ்வளவு இறங்கியது, நடக்கும்போது நெஞ்சு வலி வந்ததா, எவ்வளவு நிமிடம் நடந்தார். அந்தக் குழுவில் இருந்த புள்ளியியலாளர் ஃபிராங்க் ஹாரெல். ஆர் மொழியில் `rms` பேக்கேஜ் பயன்படுத்தியவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், அதே ஆள்தான்.

ரிக்ரெஷனில் வந்த எண்களை, கையால் கணக்குப் போடும்படி உருட்டி எடுத்து 1987-ல் வெளியிட்டார்கள்:

```
score = minutes - 5 * st_mm - 4 * angina
# angina: 0 = none, 1 = pain, 2 = stopped by pain
```

நிமிடம் என்பது புரூஸ் முறையில் நடந்த நிமிடம். எஸ்டி 1 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் பூஜ்யம் என்றே போட வேண்டும். சும்மா இருக்கும்போதே கொஞ்சம் இறங்கியிருந்தால் அதைக் கழித்துவிட்டு, கூடுதலாக இறங்கியதை மட்டும் எடுக்க வேண்டும். வந்த எண் +5 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து குறைவு. −11 அல்லது அதற்குக் கீழ் என்றால் அதிகம். இடையில் உள்ளது நடுத்தரம். அந்த 2842 பேரில் குறைந்த ஆபத்துக் குழுவில் 97 சதவீதம் பேரும், நடுக் குழுவில் 91 சதவீதம் பேரும், அதிக ஆபத்துக் குழுவில் 72 சதவீதம் பேரும் அஞ்சு வருஷம் கழித்து உயிரோடு இருந்தார்கள்.

உடனே ஒரு சந்தேகம் வரும். இவர்கள் எல்லோரும் ஆஞ்சியோ வரை போனவர்கள், கொஞ்சம் மோசமான கேஸ்களாகத்தானே இருப்பார்கள்? அவர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் வெளிநோயாளிகளாக வந்த 613 பேரிடம் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து 1991-ல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் குறைந்த ஆபத்தில் வந்தார்கள். நாலு வருஷத்தில் அவர்களில் 99 சதவீதம் பேர் உயிரோடு. அதிக ஆபத்தில் வந்தவர்கள் வெறும் 4 சதவீதம். அவர்களில் 79 சதவீதம். பழைய தரவில் உருவான சூத்திரம் புதிய தரவிலும் நிற்கிறதா என்று பார்ப்பதை நாங்கள் இன்று டெஸ்ட் செட் என்கிறோம்.

இந்தச் சூத்திரத்தில் என்னை நிறுத்திய விஷயம் அந்த 5. ஒரு மில்லிமீட்டர் எஸ்டி இறக்கம் அஞ்சு நிமிட நடைக்குச் சமம் என்கிறது. திருப்பிப் பார்த்தால், பாசிட்டிவ் என்று வந்தவர் பத்து நிமிடம் நடந்தால், நெகட்டிவ் என்று வந்து அஞ்சு நிமிடத்தில் நின்றவரோடு சமம். அதற்கு மேலும் நடந்தால் அவரைவிட நல்ல நிலை. கடைசி வரியை மட்டும் படித்தால் இது தெரியவே தெரியாது.

இப்போது மாமா. 6.3 − 5 − 0 = +1.3. நடுத்தரம். ஆனால் 6.3 என்ற எண்ணில் ஒரு ஓட்டை இருக்கிறது. 220-லிருந்து வயது 58-ஐக் கழித்தால் 162. அதில் 85 சதவீதம் 138. நாடித்துடிப்பு 138-ஐத் தொட்டதும் லேபில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அந்த மனுஷனால் இன்னும் நடக்க முடியுமா என்று கேட்கவில்லை. டியூக் கணக்கில் உள்ள நிமிடம், இனி முடியாது என்று நோயாளி நிற்கும் நிமிடம், அல்லது இசிஜியோ ரத்த அழுத்தமோ ஆபத்து காட்டி நிறுத்தும் நிமிடம். டார்கெட் வந்ததும் நிறுத்தினால் அது அவருடைய தெம்பு இல்லை, லேபின் பழக்கம். இதற்கு நேர்மாறான ஓட்டையும் உண்டு: கைப்பிடியை இறுக்கிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் உடல் எடையில் ஒரு பகுதி கைக்குப் போய்விடும், நிமிடம் பொய்யாகக் கூடும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடும் ரப்பர் பட்டையில் ஏறியவர். பிடித்தாரா என்று கேட்டேன். "பிடிக்காம விழச் சொல்றியா மாப்ளே?"

இன்னொன்று எங்கள் துறை சம்பந்தப்பட்டது. நடக்கும்போது இசிஜி கோடு நெஞ்சின் அசைவாலும் மூச்சாலும் தாறுமாறாக ஆடும். மெஷின் பல துடிப்புகளை அடுக்கி சராசரி எடுத்து ஒரு சுத்தமான துடிப்பை அச்சடித்துக் கொடுக்கும். அடிக்கோடு ஆடிக்கொண்டிருந்தால் அந்தச் சராசரியில் இல்லாத இறக்கம் முளைக்கலாம். அதனால்தான் அடுத்தடுத்த மூன்று துடிப்புகளாவது பச்சையான பதிவில் அதே இறக்கத்தைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். மாமாவின் ஆறு பக்கத்தில் அஞ்சு பக்கம் சராசரித் துடிப்புகள்தான்.

மதுரையில் ஒரு இதய டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மலையேறும்போது எப்படி இருந்தது என்று மாமாவிடம் கால்மணி நேரம் கேட்டார். "கேஸ்" என்று மாமா சொன்னதை, எங்கே, கையை வைத்துக் காட்டுங்க, ஏறும்போதா உட்கார்ந்த பிறகா, நின்றால் எத்தனை நிமிஷத்தில் போச்சு என்று பிரித்து எடுத்தார். சூத்திரத்தில் 4-ஆல் பெருக்கப்படும் அந்த ஒரு எண், நம்மூரில் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நெஞ்சு வலி என்று நேராகச் சொல்கிறவர் குறைவு. அடைக்குது, கரிக்குது, இறுக்குது, வாயு என்பார்கள். லேபில் டெக்னீஷியன் "வலி இருக்கா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்றுதான் பதில் வரும்.

டாக்டர் டெஸ்ட்டை மறுபடி எடுத்தார். கைப்பிடியில் விரல் மட்டும் படலாம், முடியலைன்னு நீங்க சொல்றவரைக்கும் ஓடும் என்றார். மாமா 9 நிமிடம் 40 விநாடி நடந்தார். எட்டாவது நிமிடத்தில் வி5-ல் அதே 1 மில்லிமீட்டர் வந்தது, பச்சைப் பதிவிலும் வந்தது. ஆக முதல் லேப் பொய் சொல்லவில்லை. நின்ற ஒரு நிமிடத்துக்குள் கோடு பழையபடி ஏறியது. நெஞ்சில் இறுக்கம் வரவில்லை, கால்தான் ஓய்ந்தது. 9.7 − 5 = +4.7. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒட்டிக்கொண்டு. டாக்டர் அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. சர்க்கரை இல்லை, புகை இல்லை, எக்கோவில் இதயத்தின் பம்ப் வேலை நன்றாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்து, கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் எழுதி, அவசரம் இல்லாமல் சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார். நடுத்தர அளவில் ஒரு சுருக்கம் இருந்தது. ஸ்டென்ட் வேண்டியிருக்கவில்லை. மலைக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த ஸ்கோருக்கு எல்லைகள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சில வகை மின்தடை, பேஸ்மேக்கர், டிஜாக்சின் மாத்திரை, தடித்த இதயச் சுவர் என்றால் எஸ்டி கோட்டை நம்ப முடியாது, சூத்திரமும் ஓடாது. வயது இதில் இல்லவே இல்லை. எழுபத்தைந்து தாண்டியவர்களிடம் இது நன்றாகப் பிரித்துக் காட்டவில்லை என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது. அவர்கள் நிற்பது பெரும்பாலும் முழங்காலால், இதயத்தால் அல்ல. அதோடு, அந்த 97-ம் 72-ம் ஸ்டாட்டின் மாத்திரைகள் வருவதற்கு முந்தைய அமெரிக்க நோயாளிகளின் எண்கள். வரிசை அப்படியே இருக்கலாம், சதவீதங்களை ஆலங்குளத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இதையெல்லாம் தாளில் கிறுக்கிக்கொண்டு மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். "எனக்கும் போன மாசம் எடுத்தாங்க தம்பி, நெகட்டிவ்னு சொல்லிட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். எஸ்டி மாற்றம் இல்லை. நடந்த நேரம் 3 நிமிடம் 10 விநாடி. நாடித்துடிப்பு 104 வரைதான் போயிருக்கிறது; துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஏன் நிறுத்தினீங்க என்று கேட்டேன். நெஞ்சில் கையை வைத்து, "இந்த இடத்துல அடைச்சுது, முடியலைன்னு சொன்னேன், இறக்கி விட்டுட்டாங்க" என்றார்.

3.2 − 0 − 8 = −4.8.

அவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. மதுரை டாக்டரின் ஃபோன் நம்பரை ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அவர் மகனைக் கூப்பிட்டு, இதுவரை நடந்ததைச் சொல்லி, இந்த வாரமே போங்க என்றேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனார்கள்.